டச் ரக்பி: ஆண், பெண் சேர்ந்த உயர்நிலை வகுப்புக்கு எட்டு பீரியடில் ஒரு முழுமையான வழிகாட்டி

கபடி, எறிபந்து, கால்பந்து மூன்றிலும் பழகிய பிள்ளைகளுக்கு, ஆளை மடக்கிப் பிடிக்காமல் கையால் தொட்டாலே நிறுத்திவிடும் டச் ரக்பியில் சிக்கலாக இருப்பது ஒரே விதிதான். பந்தோடு முன்னால் ஓடலாம், ஆனால் பந்தைக் கொடுப்பது பக்கவாட்டிலோ பின்னாலோதான். முன்னால் கொடுத்தால் தவறு, பந்து எதிரணிக்குப் போய்விடும். இதை வகுப்பில் சொல்லிப் புரியவைக்க இரண்டு நிமிடம் போதும். விளையாட்டு ஆரம்பித்த பிறகு, முதல் ஐந்து நிமிடத்துக்குள் நாலைந்து முறையாவது முன்பாஸுக்கு விசில் ஊத வேண்டிவரும். அப்போது பந்தை எறிந்தவரைத்தான் எல்லாரும் திட்டுவார்கள். பெரும்பாலும் தவறு அவருடையது அல்ல, வாங்க வந்தவருடையது. அவர் பந்து வைத்திருப்பவரைத் தாண்டி ஓடியிருப்பார். இந்த ஒன்றைச் சரிசெய்வதற்காகவே இந்த எட்டு பீரியடும் அமைக்கப்பட்டிருக்கிறது. தொடுதலின் பாதுகாப்பும், காலி இடத்தைப் பார்க்கும் பழக்கமும் இதோடு சேர்ந்தே வளரும்.

40 பிள்ளைகள், 45 நிமிட பீரியட், 9 அல்லது 10-ஆம் வகுப்பு என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம்.

மைதானமும் சாமான்களும்

மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி பக்கத்துப் பள்ளி மைதானங்களில் முதலில் பார்க்க வேண்டியது கருவேல முள். சீமைக்கருவேலம் வேலியோரத்தில் நின்றாலும், வெட்டிப்போட்ட கிளையிலிருந்து உதிரும் முள்ளைக் காற்று நடுமைதானம் வரை கொண்டுவந்துவிடும். பிள்ளைகளில் பாதிப்பேர் வெறுங்காலோடு ஆடுவார்கள். அதனால் ஒவ்வொரு பீரியடிலும் முதல் மூன்று நிமிடம் எல்லாரும் ஒரே வரிசையில் கைநீட்டும் இடைவெளியில் நின்று, மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை குனிந்து பார்த்தபடி நடக்கட்டும். முள், உடைந்த சிப்பி, பாட்டில் துண்டு எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டுவிட வேண்டும். ஒருநாள் பொறுக்கிவிட்டோம் என்று மறுநாள் விட்டுவிட முடியாது.

கடற்கரை மணலில் ஆடலாமா என்று கேட்பார்கள். விழுந்தால் அடிபடாது என்பது உண்மைதான். ஆனால் உலர்ந்த மணலில் ஓட்டம் பாதியாகக் குறைந்துவிடும். பின்னாலிருந்து வேகமாக வந்து பந்து வாங்கும் பழக்கம் அங்கே உருவாகாது. மதிய நேரத்தில் மணல் காலைச் சுடும். முதல் நாலு பீரியடையாவது இறுகிய தரையில் நடத்துங்கள். காலை முதல் பீரியட் அல்லது மாலைக் கடைசி பீரியட் கிடைத்தால் நல்லது. குடிதண்ணீர் மைதானத்திலேயே இருக்கட்டும்.

பந்து எட்டு இருந்தால் ஐந்து பேருக்கு ஒன்று வரும். டச் ரக்பிக்கு 4-ஆம் எண் அளவுப் பந்து ஏற்றது. சாதாரண ரக்பி பந்தைவிடச் சற்றுச் சிறியது, சின்னக் கைகளுக்கும் அடங்கும். இரண்டு மூன்று பந்துதான் இருக்கிறது என்றால் முதல் இரண்டு பீரியடுக்குக் கொஞ்சம் காற்று இறக்கிய வாலிபாலை வைத்தே சமாளிக்கலாம். நீள்வட்டப் பந்தின் வித்தியாசம் அது தரையில் குதிக்கும்போதுதான் பெரிதாகத் தெரியும். இந்த விளையாட்டில் தரையில் விழுந்த பந்தைத் துரத்தவே தேவையில்லை.

புதிதாகக் கோடு போட்டு நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். 13-க்கு 10 மீட்டர் ஆண்கள் கபடிக் களமும், 18-க்கு 9 மீட்டர் வாலிபால் களமும் பள்ளியில் ஏற்கெனவே இருக்கும். பயிற்சிக்கு அவை போதும். கடைசி பீரியடுகளின் ஆட்டத்துக்கு மட்டும் 30-க்கு 20 மீட்டரில் மூன்று களம் தேவை. பழைய வலைக்கயிற்றைத் தரையில் இறுக்கி, அதையொட்டிச் சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டுக் கயிற்றை எடுத்துவிடுங்கள். கயிறு தரையிலேயே கிடந்தால் காலில் சிக்கும்.

காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்

உள்ளூரில் இதைக் கவனிக்காமல் விட்டால் பாடம் குழம்பிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று இந்தக் கரையை விடாமல் அடிக்கிறது. காற்று முதுகுப்பக்கமாக வீசினால், சரியாகப் பக்கவாட்டில் எறிந்த பந்தும் முன்னால் தள்ளப்படும். பிள்ளை விதிப்படி எறிந்திருக்கும், விசில் மட்டும் அதற்கு எதிராகப் போகும். ஆகவே முதல் மூன்று பீரியடும் எல்லாப் பயிற்சியையும் காற்றை எதிர்த்து ஓடும்படி அமையுங்கள். காற்றே பந்தைப் பின்னால் கொண்டுபோகும். பின்னால் நிற்பவருக்குப் பந்து வரும், தாண்டி ஓடியவருக்கு வராது. நாலாவது பீரியடில் திசையை மாற்றுங்கள். அப்போது இன்னும் கொஞ்சம் பின்தள்ளி நிற்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கே பிடிபடும். ஆட்டத்தில் பாதி நேரத்தில் கட்டாயம் பக்கம் மாறவேண்டும்.

முதல் இரண்டு பீரியட்: நடந்துகொண்டே பாஸ்

பந்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். விரல்கள் விரிந்து பந்தின் இருபக்கமும் இருக்கட்டும், உள்ளங்கை பந்தில் ஒட்டக்கூடாது. வலப்பக்கம் கொடுக்க வேண்டுமென்றால் பந்து இடது இடுப்பிலிருந்து வயிற்றுக்குக் குறுக்கே வீசிப் போகும். விட்ட பிறகு பத்து விரலும் வாங்குபவரின் நெஞ்சைக் காட்டி நிற்கவேண்டும். கால்கள் முன்னோக்கி நடந்துகொண்டே இருக்கும், தோளும் முகமும் மட்டும் திரும்பும். வாங்குபவர் இரண்டு கையையும் நெஞ்சுயரத்தில் கொடுப்பவரை நோக்கி நீட்டியபடி வருவார்.

இதில் வழக்கமாக வரும் பிழைகள் இரண்டு. எறிபந்து ஆடும் பிள்ளைகள் ஒற்றைக்கையால் தோளுக்கு மேலே கொண்டுபோய் எறிவார்கள். பந்து வேகமாகப் போகும், பிடிக்க முடியாது. கூடைப்பந்து தெரிந்தவர்கள் நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தள்ளுவார்கள். அப்படித் தள்ளும்போது உடல் முழுவதும் வாங்குபவர் பக்கம் திரும்பி ஓட்டம் நின்றுவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பந்து மார்புக்கு மேலே ஏறக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கயிற்றுப் பயிற்சி. பத்து மீட்டர் கயிறு ஒன்றை இரண்டு பேர் இரு முனையில் தளர்வாகப் பிடித்துக்கொள்ளட்டும். நடுவில் பந்தோடு ஒருவர், கயிறு இடுப்புக்கு முன்னால் இருக்கும்படி நடக்கிறார். கயிறு பிடித்தவர்கள் அவர் வேகத்துக்கே நடக்கிறார்கள். இருபக்கமும் ஒவ்வொருவர் கயிற்றுக்கு இரண்டு மீட்டர் பின்னால் வருகிறார்கள். பந்து யாருக்குப் போகிறதோ அவரோடு கயிறும் நேராகிக்கொள்ளும். கயிற்றைத் தாண்டியவர் பந்து வாங்க முடியாது. இது நடக்கும்போது மட்டுமே செய்யும் பயிற்சி. ஓடினால் கழுத்திலோ காலிலோ கயிறு மாட்டும் ஆபத்து உண்டு. யாராவது தடுமாறினால் கயிற்றை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.

பந்து கை மாறினால் கோடும் மாறும் என்பதை இந்தக் கயிறு கண்ணுக்குக் காட்டுகிறது. ‘பின்னால்’ என்பது மைதானத்தில் ஓர் இடம் அல்ல. இந்த நொடி பந்து யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பின்னால் என்று பொருள். இரண்டாவது பீரியட் முடியும்போது கயிறு இல்லாமலேயே அந்தக் கோடு பிள்ளைகள் மனசில் இருக்கவேண்டும்.

மூன்றாவது பீரியட்: தொடுவது எப்படி

பந்து வைத்திருப்பவரை எதிரணி தொட்டால் அவர் உடனே நிற்கவேண்டும். தொட்ட இடத்துக்குத் திரும்பி வந்து, எதிரணி எல்லையைப் பார்த்து நின்று, பந்தைக் கால்களுக்கு நடுவே தரையில் வைத்து அதைத் தாண்டி முன்னால் அடி வைக்கவேண்டும். இதை ரோல்பால் என்பார்கள். பந்து பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் உருளக்கூடாது. பின்னால் நிற்கும் ‘ஹாஃப்’ அதை எடுத்து ஆட்டத்தைத் தொடர்வார். ஆறு முறை தொடப்பட்டால் பந்து எதிரணிக்கு. பந்து கையிலிருந்து தரையில் விழுந்தாலும் எதிரணிக்கு. இந்த ஒரு விதியால்தான் பந்து மேல் நாலு பேர் விழுந்து புரளும் காட்சி இந்த விளையாட்டில் இல்லை. விழுந்த பந்தின் மேல் யாரும் பாயக்கூடாது, பாயத் தேவையும் இல்லை.

சர்வதேச விதிப்படி உடம்பிலோ உடையிலோ தலைமுடியிலோ பந்திலோ எங்கே தொட்டாலும் தொடுதலாகக் கணக்கு. பள்ளியில் அப்படி விடக்கூடாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் வகுப்பில் மேல்கை, தோள், மேல்முதுகு இந்த மூன்று இடம் மட்டும்தான் என்று வையுங்கள். திறந்த கை, ஒரே கை, தட்டாமல் தொடுவது. தொட்டவர் “டச்!” என்று சொல்லிக் கையை உயர்த்துவார். நெஞ்சு, வயிறு, இடுப்புக்குக் கீழே, தலை, துப்பட்டா, முக்காடு, சடை எல்லாம் செல்லாது. அங்கே தொட்டால் பந்து வைத்திருப்பவர் ஓட்டத்தைத் தொடரலாம். தெரிந்தே செய்தால் தண்டனை பாஸும், இரண்டாம் முறை இரண்டு நிமிடம் வெளியேயும். இதைப் பையனுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி என்று சொல்லாமல் எல்லாருக்கும் ஒரே விதியாகச் சொன்னால் வகுப்பில் கூச்சமும் கேலியும் குறைந்துவிடும்.

தொடப்படுவதையே விரும்பாத பிள்ளை இருக்கலாம். காரணம் கேட்க வேண்டாம். 40 செ.மீ. நீளத் துணி நாடா இரண்டை இருபக்க இடுப்பிலும் செருகிக்கொள்ளட்டும். நாடாவை உருவினால் தொட்டதாகக் கணக்கு. வகுப்பில் ஐந்தாறு பேருக்காவது நாடா கட்டிவிட்டால் ஒருவர் மட்டும் தனித்துத் தெரியமாட்டார். துப்பட்டாவைக் கழற்றலாம், அல்லது குறுக்கே போட்டு இடுப்பில் முடிச்சுப் போடலாம். முக்காடு போட்டவர்கள் ஊசியை எடுத்துவிட்டு உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாம் வெளியே. நகம் வெட்டியிருக்க வேண்டும்.

கபடிக்காரர்களைத் தனியாகக் கவனியுங்கள். இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் நல்ல கபடிக்காரர்கள் இருப்பார்கள். ஆள் தொட்டவுடன் பிடிப்பதும், குனிந்து கணுக்காலுக்குப் பாய்வதும் அவர்கள் கையில் ஊறிப்போன பழக்கம். இங்கே தொட்டவுடன் விடவேண்டும். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: தொட்டவர் அதே வேகத்தில் நாலு மீட்டர் பின்னால் போகவேண்டும் என்று விதியாக்கிவிடுங்கள். தொட்ட பிறகு தடுக்கும் அணி முழுவதும் பின்வாங்கித்தான் ஆகவேண்டும். சர்வதேச விதியில் 7 மீட்டர், நம் 30 மீட்டர் களத்துக்கு 4 மீட்டர் போதும். பின்னால் போகும் அவசரம் வந்துவிட்டால் பிடிக்க நேரமிருக்காது. அவர்களுடைய காலசைவும் கண்ணும் இந்த விளையாட்டுக்கு அருமையாகப் பொருந்தும், கைப்பழக்கம் மட்டும் மாறினால் போதும்.

பந்து வைத்திருப்பவருக்கும் கடமை உண்டு. தடுப்பவரைக் கையால் தள்ளிவிடவோ, நேரே மோதவோ கூடாது. தொட்டார்களா இல்லையா என்று சண்டை வந்தால், சந்தேகம் தொட்டவருக்கே சாதகம் என்று தீர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை சந்தேகமே வராதபடி ஓங்கி அறைவார்கள்.

மோதல் நடப்பது பெரும்பாலும் எதிரணியோடு அல்ல. தடுக்கும் இரண்டு பேர் ஒரே ஆளைத் தொட ஓடும்போது தலையும் தலையும் இடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் “எனக்கு!” என்று கத்தினால் மற்றவர் நின்றுவிட வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளைக்குத் தலைவலி, குமட்டல், தடுமாற்றம், குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று திரும்ப ஆடக்கூடாது. வீட்டுக்குத் தகவல் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள். ‘பரவாயில்லை சார், ஆடுறேன்’ என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நாலு, ஐந்தாவது பீரியட்: எவ்வளவு பின்னால்?

நடையில் சரியாக வந்த பாஸ் ஓட்டத்தில் கெட்டுப்போகும். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பந்து வைத்திருப்பவர் எதிரில் ஆள் வருவதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறார். நொடிக்கு 3 மீட்டர் என்று வைப்போம். வாங்க வருபவர் உற்சாகமாக ஓடிவருகிறார், நொடிக்கு 5 மீட்டர். ஒவ்வொரு நொடியும் இவர் அவரை 2 மீட்டர் நெருங்குகிறார். வாங்குபவர் கூப்பிட்டு, மற்றவர் திரும்பிப் பார்த்து, பந்தை விட ஒன்றரை நொடி ஆகிறது. அதற்குள் 3 மீட்டர் நெருங்கிவிடுவார். ஆரம்பத்தில் 2 மீட்டர் பின்னால் இருந்தவர் இப்போது 1 மீட்டர் முன்னால் நிற்கிறார். கைகள் அவர் இருக்கும் திசைக்குத்தான் போகும், முன்பாஸ். அதே பிள்ளை 4 மீட்டர் பின்னால் ஆரம்பித்திருந்தால், பந்தை விடும் நேரத்தில் 1 மீட்டர் பின்னால், முழு வேகத்தில் இருப்பார். பாஸ் செல்லும். அதோடு, தடுப்பவர் நின்ற இடத்திலிருந்து புறப்படுவதற்குள் இவர் கடந்துவிடுவார்.

இந்தக் கணக்கை மைதானத்திலேயே செய்துகாட்டுங்கள். வாலிபால் களத்தின் ஒரு முனையில் மூன்று பேர் ஒரு குழு. நடுவில் இருப்பவர் கையில் பந்து, மற்ற இருவர் இருபக்கமும் 3 மீட்டர் தள்ளி. முதலில் 2 மீட்டர் பின்னால் நின்று மூன்று முறை ஓடட்டும், பிறகு 4 மீட்டர் பின்னால் நின்று மூன்று முறை. எத்தனை முறை முன்பாஸ் ஆனது என்று நாலாவது பிள்ளை ஒருவர் எண்ணட்டும். எட்டு மீட்டர் பின்னால் போய் நிற்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குப் பந்து போய்ச்சேர்வதற்குள் தடுப்பவர் முன்னேறிவிடுவதால் ஓடிவந்த தூரம் வீணாகிவிடும். மூன்றிலிருந்து நாலு மீட்டர்தான் இந்த வயதுக்குப் பொருத்தம்.

குரல் இல்லாமல் இது நடக்காது. பின்னால் இருப்பவரை முன்னால் இருப்பவர் பார்க்கமுடியாது. “பின்னாடி வலது!” என்று முழுதாகக் கத்தவேண்டும். “இங்க, இங்க” என்பது யாருக்கும் உதவாது. வகுப்பில் மெதுவாகப் பேசிப் பழகிய பிள்ளைகள் கத்தத் தயங்குவார்கள். அவர்களுக்காகக் குரல் கேட்காமல் பாஸ் கொடுத்தால் செல்லாது என்று ஐந்து நிமிடம் ஆடவைத்தால் தயக்கம் உடைந்துவிடும்.

ஆறாவது பீரியட்: காலி இடம்

இப்போது கபடிக் களம். ஒரு முனைக்கோட்டில் இரண்டு பேர், களத்தின் நடுவில் தடுப்பவர் ஒருவர். 10 மீட்டர் அகலத்தை ஒருவரால் காக்கமுடியாது. ஆனாலும் பாதிக்குப் பாதி முறை தடுப்பவர் ஜெயித்துவிடுவார். காரணம், பந்து வைத்திருப்பவர் பயந்துபோய் சீக்கிரமே பந்தைக் கொடுத்துவிடுவதுதான்.

பந்து வைத்திருப்பவர் இடக்கோட்டிலிருந்து 3 மீட்டர் உள்ளே, கூட்டாளி அவருக்கு வலப்பக்கம் 4 மீட்டர் தள்ளிப் பின்னால். தடுப்பவர் இருவருக்கும் நடுவே நிற்கிறார். பந்து வைத்திருப்பவர் அவருடைய நெஞ்சைக் குறிவைக்காமல், கூட்டாளிக்கு எட்டத்தில் உள்ள தோளைக் குறிவைத்து ஓடவேண்டும். அப்போது தடுப்பவர் கூட்டாளியை விட்டு விலகி இந்தப் பக்கம் சாய்வார். அவர் காலை இந்தப் பக்கம் எடுத்து வைத்த அந்தக் கணம்தான் பாஸ். ஓடிவருபவர் நொடிக்கு 4 மீட்டர், தடுப்பவர் 2 மீட்டர் என்றால் இடைவெளி நொடிக்கு 6 மீட்டர் குறைகிறது. பழகாத கைக்குப் பந்தை விட அரை நொடி வேண்டும், ஆகவே 3 மீட்டர் இருக்கும்போது கொடுக்கலாம். 6 மீட்டரில் கொடுத்தால் தடுப்பவர் நிதானமாகத் திரும்பிக் கூட்டாளியிடம் போய்விடுவார். 1 மீட்டரில் கொடுத்தால் தொட்ட பிறகு கொடுத்ததாகிவிடும், அதற்குத் தண்டனை உண்டு.

ஆசிரியர் பார்க்க வேண்டியது பந்தை அல்ல, தடுப்பவரின் இடுப்பை. பாஸ் போகும்போது அவர் இடுப்பு பந்து வைத்திருந்தவர் பக்கம் திரும்பியிருந்தால் நேரம் சரி.

இதே களத்தில் அடுத்து மூன்று பேருக்கு இரண்டு பேர். ஆள் கூடியதும் எல்லாரும் பந்தை நோக்கி ஒட்டிக்கொள்வார்கள். திடீரென்று விசில் ஊதி “அப்படியே நில்!” என்று சொல்லுங்கள். பந்து வைத்திருப்பவர் தலையைத் திருப்பாமல், காலி இடம் எங்கே இருந்தது என்று கையால் காட்டவேண்டும். பிறகு எல்லாரும் சுற்றிப் பார்க்கட்டும். ஒரு பீரியடில் நாலு முறைக்கு மேல் இதைச் செய்தால் ஆட்டம் செத்துப்போகும். ஓரத்தில் ஆடுபவர் ஒவ்வொரு ரோல்பாலின்போதும் ஒரு காலால் பக்கக்கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று விதி வைத்தால் அகலம் தானாக வந்துவிடும்.

ஏழு, எட்டாவது பீரியட்: ஆட்டம்

அணிக்கு ஐந்து பேர், எட்டு அணிகள். மூன்று களத்தில் ஆறு அணிகள் ஆடும். மீதி இரண்டு அணியிலிருந்து களத்துக்கு மூன்று பேர்: ஒருவர் தொடுதலை எண்ணுவார், மற்ற இருவர் முன்பாஸைக் கவனிப்பார்கள். எஞ்சிய ஒருவரிடம் கடிகாரம். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை மாறவேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கையோடு தரையில் வைத்தால் ஒரு புள்ளி. ஹாஃப் புள்ளி எடுக்கமுடியாது. பந்தோடு ஹாஃப் தொடப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஏழாவது பீரியடில் ஹாஃப் ஓடவே கூடாது, கொடுக்க மட்டுமே செய்யலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் புள்ளி எடுத்தால் இரண்டு மடங்கு என்ற விதியைச் சில இடங்களில் வைக்கிறார்கள். வேண்டாம். வைத்த அன்றே வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. வேகமான பெண்ணும் மெதுவான பையனும் எல்லா வகுப்பிலும் உண்டு. 20 மீட்டர் ஓட்டத்தின் நேரத்தை வைத்து அணி பிரியுங்கள், ஒவ்வொரு அணியிலும் வேகமானவரும் மெதுவானவரும் கலந்திருப்பார்கள். சர்வதேச கலப்பு ஆட்டத்தில் களத்திலிருக்கும் ஆறு பேரில் ஆண்கள் அதிகபட்சம் மூன்று பேர்தான். ஐந்து பேர் அணியிலும் மூன்றைத் தாண்டவேண்டாம்.

எல்லாரும் பந்தைத் தொட்ட பிறகே புள்ளி என்பதும் சரிப்படாது, கடமைக்கு ஒரு பாஸ் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதைவிட நன்றாக வேலை செய்பவை இரண்டு. ஒவ்வொரு ரோல்பாலுக்கும் வேறொருவர் ஹாஃபாக வரவேண்டும். ஒரு முறை புள்ளி எடுத்தவர், அணியில் வேறொருவர் எடுக்கும்வரை திரும்ப எடுக்கக்கூடாது. இரண்டாவது விதி வந்தவுடன் அணியின் வேகமான பிள்ளை தானாகவே ஆளைத் தன் பக்கம் இழுத்துப் பந்தைக் கொடுக்கத் தொடங்கிவிடும்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால் புள்ளிகளை எண்ணாதீர்கள். ஒரு பிள்ளையை மூன்று நிமிடம் மட்டும் பாருங்கள். பந்து வாங்கியபோதெல்லாம் கொடுப்பவருக்குப் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்ததா, குரல் கொடுத்ததா, அனுமதித்த இடத்தில் தொட்டு உடனே பின்வாங்கியதா, பந்து இல்லாதபோது கூட்டத்தை விட்டு விலகி நின்றதா. நாலு கேள்விக்கும் ஆம், இல்லை என்று குறித்தால் போதும். வெளியே நிற்கும் பிள்ளைகளிடமே ஒரு தாளைக் கொடுத்து ஆளுக்கொருவரைக் குறிக்கச் சொல்லலாம். அடுத்த ஆறு நிமிடத்தில் களத்துக்குள் போகும்போது அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதும் மாறியிருக்கும்.